வாள் இறங்கும் முன்னே விழுந்த அடி: ஹிட்பாக்ஸை படத்தோடவே வைக்கிறது எப்படி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு பக் பத்தித்தான் பேசப் போறேன். ஆனா அந்த பக் எங்க கேமையே மூணு வாரம் கெடுத்து வச்சிருந்தது, எனக்கும் எங்க ஆர்ட்டிஸ்டுக்கும் நடுவுல ஒரு சண்டையும் வாங்கிக் கொடுத்தது. அதனால முழுசா சொல்றேன்.

நானும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் வேலை நேரம் போக, ஒரு சின்ன 2டி சண்டை கேம் பண்ணிட்டு இருக்கோம். பிக்சல் ஆர்ட். அதுல ஒரு காவலாளி வருவான். வாளைத் தோளுக்கு மேல தூக்குவான், ஒரு நொடி நிப்பான், சரக்குன்னு இறக்குவான். வாளைத் தூக்குறதைப் பார்த்து நீங்க பின்னாடி நகரணும். அவ்வளவுதான் அந்த எதிரியோட கணக்கு.

ஒரு சின்ன நிகழ்ச்சியில அந்த கேமை ஒரு லேப்டாப்ல வச்சு, வர்றவங்களை விளையாட விட்டோம். ஒரு பையன், பத்தாவது படிப்பான்னு நினைக்கிறேன், நல்லா ஆடினான். காவலாளிகிட்ட மட்டும் செத்துட்டே இருந்தான். நாலாவது தடவை கன்ட்ரோலரை மேசை மேல வச்சுட்டு என்னைப் பார்த்து, "அண்ணா, அவன் இன்னும் வெட்டவே இல்ல. அதுக்குள்ள நான் செத்துட்டேன்"னு சொன்னான். நான் சிரிச்சுக்கிட்டே, "டைமிங் பழகணும் தம்பி"ன்னு சொல்லி அனுப்பினேன். அந்தப் பையன் சொன்னதுதான் சரி. தப்பு எங்களோடது.

முதல்ல, பெட்டின்னா என்ன

திரையில நீங்க பார்க்கிற படத்துக்கும், அடி விழுந்துச்சான்னு கேம் முடிவு பண்றதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. கேம் படத்தைப் பார்க்கறதே இல்லை. அது பார்க்கறது கண்ணுக்குத் தெரியாத செவ்வகங்களை. அடிக்கிற இடத்துல இருக்கிற செவ்வகம் ஹிட்பாக்ஸ், அதாவது வாளோட வீச்சு. அடி வாங்குற உடம்பு மேல இருக்கிறது ஹர்ட்பாக்ஸ். என்னோட ஹிட்பாக்ஸும் உங்களோட ஹர்ட்பாக்ஸும் ஒண்ணு மேல ஒண்ணு பட்டா, அடி.

படத்துல இருக்கிற பிக்சலையே நேரா ஒப்பிடலாமேன்னு தோணும். பண்ணலாம், ஆனா ஆடுறவங்களுக்கு அது நியாயமா இருக்காது. துண்டு காத்துல பறக்குது, அதோட நுனியில வாள் பட்டா சாகணுமா? அதனால ஹர்ட்பாக்ஸை உடம்பை விடக் கொஞ்சம் சின்னதா வைப்பாங்க. நம்ம ஹீரோவோட ஹிட்பாக்ஸை வாளை விடக் கொஞ்சம் பெருசா வைப்பாங்க. இது வரையறவங்களும் டிசைன் பண்றவங்களும் கண்ணால பார்த்து முடிவு பண்ற விஷயம்.

அனிமேஷன்கிறது வரிசையா மாறுற படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஹிட்பாக்ஸ் எல்லா ஃபிரேம்லயும் இருக்காது. வாள் இறங்குற ஃபிரேம்ல மட்டும்தான் இருக்கும். அப்போ 'எந்த ஃபிரேம்ல, எந்த இடத்துல, எவ்வளவு பெருசா'ன்னு எங்கயோ எழுதி வைக்கணும். எங்க எழுதி வைக்கிறோம்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

நான் எழுதி வச்ச இடம்

நான் புரோகிராமர். அதனால கோட்ல எழுதினேன்.

```
if anim == "slash" and frame in (3, 4):
    hit = Rect(58, 22, 30, 14)
```

காவலாளியோட வெட்டுக்கு அப்போ மொத்தம் 8 படம். முதல் மூணு வாளைத் தூக்குறது, நாலும் அஞ்சும் வெட்டு, கடைசி மூணு வாளைத் திரும்ப எடுக்கறது. கோட்ல எண்ணிக்கை 0-ல ஆரம்பிக்கும், அதனால நாலாவதும் அஞ்சாவதும் 3, 4. வெட்டுப் படங்கள் ஒவ்வொண்ணும் 50 மில்லி செகண்டு, மத்ததெல்லாம் 100 மில்லி செகண்டு. எல்லாம் சரியா ஓடிச்சு.

அப்புறம் ஆர்ட்டிஸ்ட், வாளைத் தூக்குறது ரொம்ப விறைப்பா இருக்குன்னு ரெண்டாவது படத்துக்கு அப்புறம் புதுசா ரெண்டு படம் சேர்த்தாங்க. பார்க்க நிஜமாவே அழகா இருந்தது. இப்போ மொத்தம் 10 படம். வெட்டு ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நகர்ந்துடுச்சு. என் கோடு மட்டும் இன்னமும் நாலு, அஞ்சுன்னே நிக்குது.

கணக்கு போட்டுப் பாருங்க. கேம் ஒரு நொடிக்கு 60 தடவை துடிக்குது. அந்த ஒவ்வொரு துடிப்பையும் டிக்னு சொல்வோம். 100 மில்லி செகண்டுன்னா 6 டிக், 50-ன்னா 3 டிக். வாள் இறங்குற படம் அஞ்சு படம் தாண்டி, 30-வது டிக்ல வருது. ஆனா ஹிட்பாக்ஸ் மூணே படம் தாண்டி 18-வது டிக்ல முளைச்சு, சரியா 30-வது டிக்ல மறைஞ்சுடுது. அதாவது வாள் தலைக்குப் பின்னாடி இருக்கும்போது ஆள் சாகறான். வாள் இறங்கும்போது அதுக்குக் கீழ நின்னாலும் ஒண்ணும் ஆகாது. அந்தப் பையன் செத்தது இப்படித்தான்.

எந்த எர்ரரும் வரலை. கோடு ஓடுது, படமும் ஓடுது, டெஸ்ட் எல்லாம் பச்சை. எங்க மூணு பேருக்கும் பழகிப்போன எதிரிங்கிறதால நாங்க ரொம்ப முன்னாடியே நகர்ந்துடுவோம், அதனால எங்க கண்ணுக்கும் தெரியலை. கடைசியில பெட்டிகளைக் கலர்ல திரையில வரைஞ்சு, ஒவ்வொரு டிக்கா நகர்த்திப் பார்த்தப்போதான் மாட்டிச்சு. நான் உடனே குரூப்ல, "படம் சேர்த்தா சொல்ல மாட்டீங்களா"ன்னு கேட்டுட்டேன். அவங்க திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "நான் வரையறப்போ உன் நம்பர் எனக்குத் தெரியுமா?" பதில் இல்லை என்கிட்ட.

வரிசை எண்ணா, ஆளா

ரேஷன் கடை வரிசையில நிக்கிறவங்கள்ல ஒருத்தரை எப்படி அடையாளம் சொல்வீங்க? "நாலாவதா நிக்கிறவர்"னு சொன்னா, நடுவுல ரெண்டு பேர் புகுந்ததும் அது வேற ஆளைக் காட்டும். "சிவப்புச் சட்டைக்காரர்"னு சொன்னா, எத்தனை பேர் புகுந்தாலும் அவரைத்தான் காட்டும். என் கோடு வரிசை எண்ணைப் பிடிச்சிருந்தது. பெட்டி அந்தப் படத்தையே பிடிச்சிருக்கணும். படம் நகர்ந்தா பெட்டியும் கூடவே நகரணும். படத்தை அழிச்சா பெட்டியும் போகணும்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லை. முகென்னு ஒரு இலவச சண்டை கேம் இன்ஜின் இருக்கு, 1999-ல வந்தது. ரசிகர்களே கேரக்டர் பண்ணிச் சேர்க்கலாம். அதுல அனிமேஷனை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதுவாங்க. சுருக்கமா இப்படி இருக்கும்:

```
[Begin Action 200]
200,0, 0,0, 6
Clsn1: 1
 Clsn1[0] = 18,-38,48,-24
200,1, 0,0, 3
200,2, 0,0, 6
```

`200,1` மாதிரி ஆரம்பிக்கிற வரி ஒவ்வொண்ணும் ஒரு படம். கடைசி எண் அது எத்தனை டிக் நிக்கணும்கிறது. `Clsn1` அடிக்கிற பெட்டி. `Clsn2`-ன்னா அடி வாங்குற பெட்டி, அதை இங்க விட்டிருக்கேன். பெட்டியோட எண்கள் கேரக்டரோட கால் புள்ளியிலேருந்து அளந்தது. மேல போனா மைனஸ்.

கவனிக்க வேண்டியது அந்தப் பெட்டி எங்க உட்கார்ந்திருக்குன்னுதான். தனக்கு அடுத்து வர்ற பட வரிக்கு மட்டும் அது பொருந்தும். நடுவுல நாலு படம் சேருங்க, அந்தப் பெட்டி தன்னோட படத்தை விடாது. வெட்டி எடுத்து வேற இடத்துல ஒட்டினாலும் ரெண்டு வரியும் சேர்ந்தே போகும்.

ஏஸ்பிரைட்லயே பெட்டி

எங்க ஆர்ட்டிஸ்ட் வரையறது ஏஸ்பிரைட்ல. அதனால அங்கேயே பெட்டியும் இருக்கணும்னு முடிவு பண்ணோம்.

முதல்ல முயற்சி பண்ணது ஸ்லைஸ்னு அதுல இருக்கிற வசதி. படத்து மேல ஒரு செவ்வகம் போட்டுப் பேர் வைக்கலாம், ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்த்தலாம். ஆனா ஸ்லைஸ்ல ஒரு ஃபிரேம்ல வச்ச செவ்வகம், அடுத்து மாத்துற வரைக்கும் அப்படியே நீடிக்கும். உடம்புப் பெட்டிக்கு அது சரி, உடம்பு எப்பவும் இருக்கு. ரெண்டே படத்துக்கு வந்து போகிற வாள் பெட்டிக்கு அது சிக்கல். வாளைத் திரும்ப எடுக்கிற படங்கள்லயும் காவலாளி வெட்டிக்கிட்டே இருந்தான்.

அதனால இன்னும் எளிய வழிக்குப் போனோம். `hit`-னு ஒரு லேயர். வெட்டு விழுகிற ஃபிரேம்ல மட்டும், அந்த லேயர்ல சிவப்புல நிரப்பின ஒரு செவ்வகம் வரையணும். மத்த ஃபிரேம்ல அந்த லேயர் காலி. டைம்லைன்ல ஒரு லேயரும் ஒரு ஃபிரேமும் சந்திக்கிற கட்டத்துக்கு செல்னு பேர். செல் இருந்தா பெட்டி இருக்கு, செல் இல்லைன்னா பெட்டி இல்லை. நடுவுல புது ஃபிரேம் சேர்த்தா எல்லா லேயரும் சேர்ந்தே நகரும். ஆர்ட்டிஸ்டுக்குப் புதுசா எதுவும் கத்துக்க வேண்டியது இல்லை. அவங்களுக்கு அது இன்னொரு லேயர், அவ்வளவுதான். வாள் எங்க வரைக்கும் போகுதுன்னு படத்துக்கு மேலயே பார்த்து வரையலாம்.

அந்தப் பெட்டிகளை வெளிய எடுக்கிற ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்:

```lua
for _, layer in ipairs(app.activeSprite.layers) do
  if layer.name == "hit" then
    for _, cel in ipairs(layer.cels) do
      local b = cel.bounds
      print(cel.frameNumber - 1, b.x, b.y, b.width, b.height)
    end
  end
end
```

அந்த `- 1` ஏன்னு கேட்பீங்க. ஏஸ்பிரைட்டோட லுவா ஸ்கிரிப்ட்ல ஃபிரேம் 1-ல ஆரம்பிக்குது. கேம் கோட்ல 0-ல ஆரம்பிக்குது. இதை விட்டா எல்லா அடியும் ஒரு படம் தள்ளி விழும், அது கண்ணுக்குச் சட்டுனு தெரியாது.

படத்தை ஏற்றுமதி பண்ணும்போது `--ignore-layer hit` கொடுத்து அந்த லேயரை விடணும். ஒரு தடவை நான் மறந்துட்டேன். காவலாளி வாளுக்குப் பதிலா சிவப்பு செங்கல்லால அடிச்சான்.

இதுல எங்க தப்பு வரும்

முதல் ஆபத்து, சிதறின பிக்சல். `cel.bounds`-ங்கிறது அந்த செல்ல இருக்கிற எல்லாத்தையும் அடக்குற செவ்வகம். மூலையில தெரியாம ஒரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருந்தாலும், பெட்டி அதுவரைக்கும் நீண்டுடும். கண்டுபிடிக்கறது சுலபம். ஒழுங்கா நிரப்பின செவ்வகத்துல சிவப்பு பிக்சல் எண்ணிக்கை, அகலம் பெருக்கல் உயரமா இருக்கணும். எங்க வாள் பெட்டி 30-க்கு 14, அப்போ 420 பிக்சல். எண்ணிக்கை பொருந்தலைன்னா ஸ்கிரிப்ட் ஃபிரேம் நம்பரைச் சொல்லி நின்னுடும். ஒரே ஃபிரேம்ல ரெண்டு பெட்டி வேணும்னா `hit2`-னு இன்னொரு லேயர் வைக்கணும். ஒரே லேயர்ல ரெண்டு வரைஞ்சா, இதே சோதனை அதையும் பிடிச்சுடும்.

ரெண்டாவது, திசை. எங்க கேன்வாஸ்ல காவலாளியோட கால் புள்ளி (40, 60). பெட்டி (58, 22)-ல இருக்கு. காலிலேருந்து அளந்தா 18 பிக்சல் முன்னாடி, 38 பிக்சல் மேல. அகலம் 30. அதனால அது 18-லேருந்து 48 வரைக்கும் போகுது. காவலாளி மறுபக்கம் திரும்பினா அது -48-லேருந்து -18 ஆகணும். 18-ஐ மட்டும் மைனஸ் ஆக்கினா பெட்டி -18-ல ஆரம்பிச்சு 12 வரைக்கும் வரும், அதாவது அவன் வயித்து மேல உட்காரும். இடது ஓரம் எப்பவும் `-(x + w)`.

மூணாவது, இவென்ட். பெட்டி மாதிரியே, 'இந்தப் படத்துல வாள் சத்தம் வரணும்', 'இந்தப் படத்துல கால்கிட்ட புழுதி கிளம்பணும்'னு சொல்றதும் படத்தோடதான் இருக்கணும். அதுக்கு `event`-னு ஒரு லேயர். புழுதி கிளம்ப வேண்டிய இடத்துல ஒரு புள்ளி வைக்கணும். அந்த செல்லோட பண்புகள்ல யூசர் டேட்டான்னு ஒரு எழுத்துப் பெட்டி இருக்கு, அதுல `dust`-னு எழுதணும். புள்ளி இடத்தைச் சொல்லுது, எழுத்து வேலையைச் சொல்லுது. ஸ்கிரிப்ட்ல `cel.data`-ன்னு படிச்சுக்கலாம்.

இங்க ஒரு பொறி இருக்கு. ஏஸ்பிரைட்ல புது ஃபிரேம் போட்டா, அது இருக்கிற ஃபிரேமை நகல் எடுத்துத்தான் போடும். பெட்டிக்கு அது பெரும்பாலும் நல்லது. வெட்டுப் படத்தை நகல் எடுத்தா பெட்டியும் வேணும்தானே. ஆனா இவென்ட்டும் நகலாகி, சத்தம் ரெண்டு தடவை வரும். அடுத்தடுத்த ஃபிரேம்ல ஒரே இவென்ட் இருந்தா ஸ்கிரிப்ட் எச்சரிக்கை கொடுக்கிற மாதிரி வச்சோம்.

கேமுக்குள்ள வந்த பிறகு

டேட்டா சரியா இருந்தாலும், அதைப் படிக்கிற விதம் தப்பா இருந்தா அடி காணாம போகும். வெட்டு ரெண்டு படம், மொத்தம் 100 மில்லி செகண்டுதான். பழைய போன்ல ஒரு தடவை 200 மில்லி செகண்டு திக்கினா, முன்னாடி தூக்குற படத்துல இருந்த அனிமேஷன் அடுத்த கணமே வெட்டைத் தாண்டிப் போயிருக்கும். "இப்போ எந்தப் படம்"னு மட்டும் கேட்டா வெட்டே நடக்கலை. அதனால திக்கின நேரத்தை 60-ல ஒரு பங்கா உடைச்சு, ஒவ்வொரு டிக்கையும் வரிசையா ஓட்டணும். ஒரு படத்தையும் தாண்டக் கூடாது.

அதுக்கு நேர்மாறான தப்பும் உண்டு. வெட்டு 6 டிக் நீடிக்குது. அந்த 6 டிக்லயும் பெட்டிகள் பட்டுக்கிட்டே இருந்தா, ஒரே வெட்டுல ஆறு அடி விழும். ஒவ்வொரு வீச்சு ஆரம்பிக்கும்போதும் ஒரு காலிப் பட்டியல் போட்டு, அடிபட்டவரை அதுல சேர்த்துடணும். பட்டியல்ல இருக்கிறவரை அந்த வீச்சு திரும்ப அடிக்காது.

தீராத ஒண்ணு

பெட்டி படத்தோட சேர்ந்துடுச்சு. ஆனா அதனால வேற ஒண்ணு நடக்குது. இப்போ படம் வரையறவங்க, தெரிஞ்சோ தெரியாமலோ, கேமோட விதியையும் மாத்துறாங்க. அந்த ரெண்டு புதுப் படத்தால காவலாளி வாளைத் தூக்குற நேரம் 18 டிக்லேருந்து 30 டிக் ஆயிடுச்சு. பெட்டி சரியான படத்துல இருக்கு, ஆனா 0.3 நொடி எச்சரிக்கை 0.5 நொடி ஆனா எதிரி சோம்பேறி ஆயிடறான். இதை எந்த ஃபைல் ஃபார்மேட்டும் தீர்த்து வைக்காது. கண்ணுக்குத் தெரிய வைக்க மட்டும்தான் முடியும்.

அதனால ஏற்றுமதி ஸ்கிரிப்ட் கடைசியில ஒரு வரி எழுதும். அடிக்கு முன்னாடி எத்தனை டிக், அடி எத்தனை டிக், அடிக்கு அப்புறம் எத்தனை டிக். அந்த ஃபைலும் கிட்ல போகுது. ஆர்ட்டிஸ்ட் படத்தை மாத்தினா எல்லாருக்கும் இப்படித் தெரியும்:

```
-slash  startup 18  active 6  recovery 18
+slash  startup 30  active 6  recovery 18
```

இதை முதல் தடவை ஓட்டினப்போ அவங்களே பார்த்துட்டு, "அரை நொடியா? அது ஜாஸ்திடா"ன்னாங்க. புது ரெண்டு படத்தையும் 50 மில்லி செகண்டா குறைச்சாங்க. 24 டிக் ஆச்சு. அசைவும் அழகா இருக்கு, எதிரியும் எதிரியா இருக்கான். நான் ஒரு வரி கோடு தொடலை. குரூப்ல மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

நீங்க ஒரு கேம் பண்ணிட்டு இருந்தா, இன்னைக்கே ஒரு சோதனை செஞ்சு பாருங்க. ஒரு வெட்டு அனிமேஷன்ல, வெட்டுக்கு முன்னாடி சும்மா ஒரு காலிப் படத்தைச் சேருங்க. பெட்டிகளைத் திரையில காட்டி, மெதுவா ஓட்டுங்க. அடி வாளோட வந்தா நிம்மதியா தூங்கலாம். வாளுக்கு முன்னாடி வந்தா, உங்க எண்கள் வரிசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

அந்தப் பையன் திரும்ப எங்கயாவது எங்க கேமை ஆடினா, இந்தத் தடவை தள்ளி நின்னா தப்பிச்சுடுவான். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.